பக்கத்து மனையில் பைல் இறங்கும்போது

பழைய வீடு ஒன்றை ஒட்டிய மனையில் பைலிங் ரிக் வந்து நின்றால், முதல் வாரத்திலேயே இப்படி ஒரு பேச்சு எழும்.

"தம்பி, நேத்து மத்தியானம் அலமாரியில இருந்த டம்ளர் எல்லாம் கிலுகிலுன்னு ஆடுச்சுப்பா. சுவரு தாங்குமா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. மீட்டர் வச்சிருக்கோம். எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு."

அந்த அம்மா சொல்வது உண்மை. சைட் இன்ஜினீயர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். ஆனாலும் மூன்று வாரம் கழித்து அதே வீட்டில் சமையலறைக் கதவு சட்டத்தில் உரசத் தொடங்கலாம்; ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் மேலேறலாம். மீட்டர் பொய் சொல்லவில்லை. அது அளந்தது அதிர்வை. வீட்டுக்கு நடந்தது வேறு: அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் சத்தமில்லாமல் சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. அதிர்வு உடம்புக்குத் தெரியும். இறக்கம் யாருக்கும் தெரியாது. நம் ஊர் சைட்டுகளில் கண்காணிப்பு என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி புகார் வரும் விஷயத்தை அளப்பதுதான். சேதம் வரும் விஷயத்தை அளப்பது குறைவு.

இரண்டையும் அளக்க ஒரு திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதை, சென்னை நிலைமைக்குப் பொருந்தும் ஒரு கற்பனை மனையை வைத்தே பார்ப்போம். திருவல்லிக்கேணி போலக் கடற்கரைக்குப் பக்கமான ஒரு தெரு. மேலே 9 மீட்டர் வரை மணல், அதற்குக் கீழே இறுகிய களிமண். 3 மீட்டரில் தண்ணீர். புதிதாக வரும் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு 600 மில்லிமீட்டர் விட்டம், 18 மீட்டர் ஆழத்தில் துளையிட்டு வார்க்கும் பைல்கள். எல்லையோர வரிசையில் இருக்கும் பைலுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இடையே இரண்டரை மீட்டர். அந்த வீடு சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் வைத்துக் கட்டிய மாடி வீடு. மேலே மெட்ராஸ் டெரஸ் கூரை. கடைக்கால் ஆழம் நாலடிதான்.

வேலை தொடங்கும் முன்பே திட்டத்தின் பாதி முடிந்திருக்க வேண்டும். முதலில் வீட்டை அறை அறையாகப் படம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு எண் கொடுத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். பழைய வீட்டில் விரிசல் இல்லாத சுவர் அபூர்வம். இந்தப் பதிவு இல்லாவிட்டால் பிறகு எழும் தகராறில் எது பழசு, எது புதுசு என்று யாராலும் சொல்ல முடியாது. முக்கியமான விரிசல்களின் இரு பக்கமும் சின்ன ஸ்க்ரூ ஒவ்வொன்றைப் பதித்து, இடைவெளியை வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்ளலாம். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது உடைந்தால் ஏதோ அசைந்தது என்று மட்டும் தெரியும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது தெரியாது.

அடுத்து, சுவரின் அடியில் நான்கு மீட்டருக்கு ஒன்றாக எஃகுக் குமிழ்களைப் பதிக்க வேண்டும். இவற்றின் உயரத்தைத்தான் டிஜிட்டல் லெவல் கருவியால் திரும்பத் திரும்ப அளக்கப் போகிறோம். எதோடு ஒப்பிட்டு அளக்கிறோம் என்பதில்தான் பல சைட்டுகள் சறுக்குகின்றன. வசதிக்காக மனைக்குள்ளேயே ஒரு தூணிலோ காம்பவுண்டுச் சுவரிலோ ஆதாரப் புள்ளியைக் குறித்துவிடுகிறார்கள். மண் இறங்கும்போது அந்தப் புள்ளியும் கூடவே இறங்கும். அளவு எப்போதும் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். ஆதாரப் புள்ளி, பைல் ஆழத்தைப் போல இரண்டு மடங்குக்காவது அப்பால், நீண்ட நாளாக அசையாமல் நிற்கும் ஒரு கட்டடத்தில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக வைத்து, அவற்றையும் ஒன்றோடொன்று சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ரிக் வருவதற்கு முன்பே வேறு வேறு நாட்களில் குறைந்தது மூன்று முறை அளந்துவிட வேண்டும். எல்லாம் காலை வெயில் ஏறுவதற்கு முன். ஒன்றுமே நடக்காத நாளிலும் இந்த எண்கள் ஒன்றுபோல் இருக்காது. வெயிலில் சுவர் விரியும், விரிசல் திறந்து மூடும், கருவிக்கும் அளப்பவருக்கும் அரை மில்லிமீட்டர் வரை தடுமாற்றம் இருக்கும். வீடு சும்மா இருக்கும்போது எவ்வளவு 'அசைகிறது' என்பது தெரிந்தால்தான், பிறகு வரும் மாற்றத்தில் எது பைலிங்கால் வந்தது என்று பிரிக்க முடியும். எச்சரிக்கை அளவை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துவிட்டு, தினமும் பொய்யாக மணியடித்து, பத்தாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்காத நிலைக்கு வந்த திட்டங்கள் உண்டு.

அதிர்வுக்கு வருவோம். மண்ணில் ஒரு துகள் அதிர்ந்தாடும்போது அடையும் உச்ச வேகம், விநாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அளவு. மனிதர் உடம்பு மிக நுட்பமான கருவி. வீட்டுக்குள் விநாடிக்கு 0.3 மில்லிமீட்டர் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். 1 மில்லிமீட்டரில் புகார் வரும். கட்டடச் சேதத்துக்கான எல்லைகளோ இதைவிட வெகு மேலே இருக்கின்றன. ஜெர்மனியின் டிஐஎன் 4150 தரக்குறிப்பு, குறைந்த அதிர்வெண்ணில் சாதாரணக் குடியிருப்புகளின் அஸ்திவாரத்துக்கு 5, பழமையான நுட்பமான கட்டடங்களுக்கு 3 என்று சொல்கிறது. ஹாங்காங்கின் கட்டடத் துறை, நலிந்த கட்டடங்களுக்கு விட்டுவிட்டு வரும் அதிர்வென்றால் 7.5, தொடர்ந்து வரும் அதிர்வென்றால் 3 என்று பிரிக்கிறது. ஆகவே டம்ளர் ஆடுவதாலேயே சுவர் விழுந்துவிடாது. நம் சுண்ணாம்புச் சாந்து வீட்டுக்கு 2-இல் எச்சரிக்கை, 3-இல் நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் கான்கிரீட் சட்டகத்தில் கட்டிய புது வீடு இருந்தால் அதற்கு 5 போதும். எல்லா வீட்டுக்கும் ஒரே எண்ணை எழுதிய திட்டத்தைப் பார்த்தால், யாரும் வீடுகளைப் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மீட்டரின் உணரியை வேலை நடக்கும் பக்கத்துச் சுவரின் அடியில் இறுகப் பொருத்த வேண்டும். ஆட்டம் காணும் தரை ஓட்டின் மேல் வைத்தால், வீட்டை அல்ல, அந்த ஓட்டைத்தான் அளக்கும். வேலை இல்லாத ஒரு முழுநாள் ஓடவிட்டால், தண்ணீர் லாரி போவதும் கதவு அறைவதும் எவ்வளவு காட்டுகின்றன என்பது தெரியும்.

துளையிடும் பைலில் அதிர்வு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் துளையின் மேல்பகுதியைக் காக்க இறக்கும் இரும்புக் குழாயிலிருந்து, அதாவது கேசிங்கிலிருந்து. அதை வைப்ரோ சுத்தியல் கொண்டு அதிரவைத்து இறக்குவார்கள், பிறகு அப்படியே உருவுவார்கள். ட்ரைபாடும் வின்ச்சும் வைத்து உளியைத் தூக்கிப் போட்டுத் துளையிடும் முறையிலும், கெட்டியான அடுக்கு வரும்போது ஒவ்வொரு அடியும் மண்ணில் பரவும்.

இங்கேதான் ஒரு நல்ல திட்டம் அளப்பதோடு நிற்காமல் முன்கூட்டியே சொல்லவும் செய்யும். முதல் பைலை எல்லையோரத்தில் போடக் கூடாது. மனையின் தூரமான மூலையில் போட வேண்டும். அங்கே கேசிங் இறங்கும்போது 10 மீட்டர் தள்ளி 1.2, 5 மீட்டரில் 2.9 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். தூரம் பாதியானதும் அதிர்வு ஏறக்குறைய 2.4 மடங்கு ஆகியிருக்கிறது. அதே விகிதத்தில் இன்னொரு முறை பாதியாக்கினால், இரண்டரை மீட்டரில் 7 வரும். நிறுத்த அளவோ 3. பக்கத்து வீட்டை ஒருமுறைகூட அசைக்காமலேயே, இந்த முறை எல்லையோர வரிசைக்கு ஆகாது என்பது தெரிந்துவிட்டது. வைப்ரோவை விட்டுவிட்டு, ரோட்டரி ரிக்கால் கேசிங்கைத் திருகி இறக்குவது என்று முடிவெடுக்கலாம். செலவு கூடும். எல்லையோர வரிசைக்கு மட்டும்தான் என்பதால் தாங்கக்கூடிய செலவுதான்.

சரி, திருகி இறக்குகிறார்கள். அதிர்வு 1.1-ஐத் தாண்டவில்லை. மீட்டர் அறிக்கை பச்சையாக இருக்கிறது. எல்லோரும் நிம்மதியாக இருக்கும் இந்தக் கட்டத்தில்தான் இறக்கம் தொடங்கும்.

இறக்கத்துக்கு எல்லை வைப்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய காரியம். வீடு முழுக்க ஒரே சீராக இறங்கினால் சுவர் விரிசல் விடாது. கழிவுநீர்க் குழாய் இணைப்புதான் முதலில் வம்பு செய்யும். ஒரு மூலை மட்டும் இறங்கும்போதுதான் சுவர் கிழிகிறது. எனவே அடுத்தடுத்த இரண்டு குமிழ்களுக்கு இடையிலான வித்தியாசத்தையே பார்க்க வேண்டும். 1956-இல் ஸ்கெம்ப்டன், மெக்டொனால்ட் என்ற இரு பொறியாளர்கள் 98 கட்டடங்களின் விவரத்தைத் திரட்டி ஆராய்ந்தார்கள். நீளத்தில் 300-இல் ஒரு பங்கு சரிவு வந்தால் சுவர்களில் விரிசலை எதிர்பார்க்கலாம், 500-இல் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது அவர்கள் கண்டது. நம் குமிழ்களுக்கிடையே 4 மீட்டர். 500-இல் ஒரு பங்கு என்றால் 8 மில்லிமீட்டர். அதை நிறுத்த அளவாக வைக்கலாம். ஆனால் இந்த வீடு பல பத்தாண்டுகளாகத் தானாகவே கொஞ்சம் சரிந்திருக்கும். தாங்கும் சக்தியில் ஒரு பகுதியை ஏற்கெனவே செலவழித்திருக்கும். அதனால் பாதியான 4 மில்லிமீட்டரிலேயே முதல் எச்சரிக்கை, 6-இல் இரண்டாவது. கூடவே ஒரு வேக வரம்பு: மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், ஒரே நாளில் 2 மில்லிமீட்டர் இறங்கினால் அதுவும் எச்சரிக்கைதான்.

எல்லையோர வரிசையில் வேலை நடக்கும்போது தினமும் காலையில் அளக்கிறார்கள். மூன்றாவது குமிழ், அடுத்தடுத்த ஐந்து காலைகளில் இறங்கியிருப்பது 0.4, 0.9, 2.1, 3.3, 4.6. பக்கத்திலிருக்கும் நான்காவது குமிழோ 0.4-இலேயே நிற்கிறது. முதல் இரண்டு எண்களைக் கருவியின் தடுமாற்றம் என்று தள்ளிவிடலாம். மூன்றாவது எண்ணிலிருந்து அது ஒரு போக்கு. அளக்கும் பையன் வெறும் அட்டவணையை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் போனால் இது கண்ணில் படாது. நாள் வாரியாக ஒரு கோடாக வரைந்தால் உடனே தெரியும். ஐந்தாம் காலை வித்தியாசம் 4.2. முதல் எச்சரிக்கை.

அதிர்வு காரணமில்லை என்பதை மீட்டரே சொல்லிவிட்டது. அப்படியானால் மண் எங்கோ போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம்; கான்கிரீட் கணக்கைப் புரட்டினால் போதும். 600 மில்லிமீட்டர் விட்டம், 18 மீட்டர் ஆழத் துளையின் கன அளவு 5.1 கனமீட்டர். ஐந்து, பத்து சதவீதம் கூடுதலாகப் போவது இயல்பு. முந்தைய பைலுக்கு 5.5 போயிருக்கிறது. மூன்றாவது குமிழுக்கு நேர் எதிரே இருக்கும் பைலுக்கு 6.8. கூடுதலாகப் போன அந்த 1.7 கனமீட்டர் இடத்தில் முன்பு மணல் இருந்தது. அது சரிந்து துளைக்குள் விழுந்து, சேற்றோடு சேர்ந்து வெளியே வந்து, லாரியில் போய்விட்டது. வீட்டின் கடைக்காலுக்குக் கீழே அந்த வெற்றிடத்தை நோக்கி மண் நகர்ந்திருக்கிறது.

மணல் ஏன் சரிந்தது? பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும். துளையின் சுவரைத் தாங்கிப் பிடிப்பது உள்ளே நிரப்பியிருக்கும் பென்டோனைட் கலவை. அதன் மட்டம் நிலத்தடி நீர்மட்டத்தைவிட ஒன்றரை மீட்டராவது மேலே இருந்தால்தான் அழுத்தம் வெளிப்பக்கம் இருக்கும். பாதி ஆழத்தில் இருட்டிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று துளையை அப்படியே விட்டுப் போயிருப்பார்கள். கலவை மணலுக்குள் கசிந்து, இரவோடு இரவாக நீர்மட்டத்துக்கு இறங்கியிருக்கும். கேசிங்கையும் 9 மீட்டர் மணல் முழுக்க இறக்காமல், மூன்று மீட்டரோடு நிறுத்தியிருப்பார்கள். சைட் டைரியில் துளையிடத் தொடங்கிய நேரமும் கான்கிரீட் போட்டு முடித்த நேரமும் ஒழுங்காக எழுதியிருந்தால் இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். அதனால்தான் கண்காணிப்புத் திட்டத்தில் குமிழ்களின் அளவுக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு பைலின் கான்கிரீட் அளவும், பென்டோனைட் மட்டமும் ஒரே தாளில் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். தனித்தனிக் கோப்புகளில் இருந்தால் இரண்டும் சந்திப்பதே இல்லை.

எச்சரிக்கைக்கு என்ன பதில்? 4-ஐத் தொட்டதும் சைட் இன்ஜினீயர் அன்றைக்கே ரிக்கை எல்லையோர வரிசையிலிருந்து தூர வரிசைக்கு மாற்ற வேண்டும். அளவை நாளுக்கு இரண்டு முறையாக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது முறை மாறியிருக்க வேண்டும்: கேசிங் களிமண்ணுக்குள் அரை மீட்டர் நுழையும் வரை, துளையைத் தொடங்கினால் அதே ஷிஃப்டில் கான்கிரீட், வரிசையாகப் போடாமல் ஒன்று விட்டு ஒன்று. 6-ஐத் தொட்டால் முடிவு சைட்டின் கையில் இல்லை. வடிவமைத்த பொறியாளர் நேரில் வந்து வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஜன்னல் வளைவுகளுக்கும் உத்தரம் உட்காரும் இடங்களுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டுமா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். 8-இல் எல்லா பைலிங்கும் நிற்கும். தேவைப்பட்டால் அந்த அறையிலிருந்து ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

நிறுத்துவது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாதி தோண்டிய துளையை அப்படியே விட்டு ரிக்கை அணைப்பதுதான் செய்யக்கூடியதிலேயே மோசமான காரியம். அந்தத் துளைதானே மணலை இழுத்துக்கொண்டிருக்கிறது! எனவே நிறுத்த உத்தரவில் 'வேலையை நிறுத்து' என்று மட்டும் இருந்தால் போதாது. திறந்திருக்கும் துளையை உடனே மணலாலோ மெலிந்த கான்கிரீட்டாலோ நிரப்ப வேண்டும்; கம்பிக்கூடு இறக்கியாகிவிட்டதென்றால் கான்கிரீட்டைப் போட்டு முடித்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்க வேண்டும். அதற்கான பொருள் சைட்டில் குவிந்திருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மணல் லாரிக்குப் போன் போடுவதெல்லாம் திட்டமாகாது.

நம் மனையில் முறையை மாற்றிய பிறகு மூன்றாவது குமிழ் 5.2, 5.3, 5.3 என்று படுத்துவிட்டால், வித்தியாசம் 5-க்குள் நின்றுவிட்டது, கோடு தட்டையாகிவிட்டது. அப்போதுதான் எழுத்தில் அனுமதி வாங்கி எல்லையோரத்துக்குத் திரும்பலாம். இதற்குப் பதில் நம் ஊரில் நடக்கக்கூடியது வேறு. "வீட்டுக்கு ஒண்ணும் ஆகலையே, எச்சரிக்கை அளவை 4-லேருந்து 7 ஆக்கிடலாம்" என்று ஒரு கடிதம் போகும்.

அளவைக் கோட்டை நகர்த்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சிங்கப்பூரின் நிக்கல் ஹைவே விபத்து சாட்சி. 2004 ஏப்ரல் 20 அன்று, சர்க்கிள் லைன் ரயில் பாதைக்காக 30 மீட்டருக்கும் மேல் ஆழமாகத் தோண்டிய பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அது பைலிங் அல்ல. பள்ளத்தைத் தாங்கிய எஃகுச் சட்டங்களின் இணைப்பு தோற்றுப்போனது. ஆனால் சுவர் வளைவதை அங்கிருந்த கருவிகள் முன்கூட்டியே காட்டின. அளவு எல்லையைத் தாண்டியபோது கணக்கை மறுபடி போட்டு எல்லையை உயர்த்தினார்கள். சுவர் ஏன் எதிர்பார்த்ததைவிட அதிகம் வளைகிறது என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை தேடப்படவில்லை என்பது விசாரணைக் குழுவின் முக்கியமான குறைகளில் ஒன்று. கருவி இல்லாமல் நடந்த விபத்து அல்ல அது.

எல்லையை மாற்றவே கூடாது என்பதில்லை. காரணம் கண்டுபிடித்த பிறகு, அந்தக் காரணத்தைச் சரிசெய்த பிறகு, ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்காத ஒரு பொறியாளர் கையெழுத்திட்டு மாற்றலாம். நிறுத்தும் அதிகாரமும் அப்படியே. நாள் வாடகை ரிக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த வாடகையைக் கொடுப்பவரிடமே 'நிறுத்து' என்று சொல்லும் பொறுப்பையும் ஒப்படைப்பது நடக்கிற காரியமில்லை. திட்டத்தில் ஒவ்வொரு அளவுக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் இருக்க வேண்டும். அந்த ஆள் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்பதும்.

இந்தத் திட்டத்துக்கு எட்டாதவையும் உண்டு. குமிழ்கள் சுவரின் வெளிப்பக்கம் இருக்கின்றன. வீட்டின் நடுவில் நிற்கும் தூண் இறங்கினால் அவற்றில் தெரியாது. வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற களிமண் பகுதியில் மழைக்கும் கோடைக்கும் இடையே சிறிய வீடுகள் தாமாகவே ஏறி இறங்கும். மூன்று நாள் ஆரம்ப அளவால் அதைப் பிடிக்க முடியாது. பைலிங் முடிந்து அடித்தளத்துக்காகத் தண்ணீர் இறைக்கத் தொடங்கினால், எல்லையைத் தாண்டித் தெரு முழுக்க மண் அமுங்கலாம். பக்கத்து வீட்டில் பழைய கிணறு இருந்தால், கயிறு விட்டு வாரம் இருமுறை நீர்மட்டத்தைக் குறித்துவைப்பது இதற்கு மலிவான எச்சரிக்கை.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ரிக் வரப்போகிறது என்றால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: உங்கள் வீட்டுப் படப்பதிவின் பிரதி, ஆதாரப் புள்ளி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்ற விவரம், வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ளவரின் பெயர். ரிக் கிளம்பும் நாளில் 'எந்தச் சேதமும் இல்லை' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். களிமண்ணில் பைலிங் முடிந்த பிறகும் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில்கூட இறக்கம் தொடரும். குமிழ்களை அதன் பிறகும் அளந்து, கோடு தட்டையானதைக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்த பின் கையெழுத்துப் போடுங்கள்.